வஞ்சிரம் வறுவல்: எத்தனை நிமிடம், எவ்வளவு தீ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் வறுவல் பற்றிப் பேச்சு வந்தாலே சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில் சேர்த்திருக்கிறேன். இங்கே சொல்லும் நேரமெல்லாம் வட்டத் துண்டாக நறுக்கிய வஞ்சிரத்துக்கு; குமரிப் பக்கம் நெய்மீன் என்றும் இலங்கையில் அறுக்குளா என்றும் சொல்கிறார்களே, அதே மீன்தான். அடுப்பு கேஸ் அடுப்பு, கல் இரும்புத் தோசைக்கல், எண்ணெய் கல்லில் பரவி நிற்கும் அளவுக்கு மட்டும்.

ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிஷம்? அதை மட்டும் முதல்ல சொல்லிடுங்க.

அரை இஞ்ச் தடிமன் துண்டு என்றால் மிதமான தீயில் முதல் பக்கம் 4 நிமிடம், திருப்பிப் போட்டு 3 நிமிடம். முக்கால் இஞ்ச் என்றால் 5 நிமிடம், பிறகு 4 நிமிடம். ஒரு இஞ்ச் துண்டுக்குத் தீயும் முறையும் மாறும், அது கீழே தனியாக இருக்கிறது. ஒரே ஒரு முறை திருப்பினால் போதும்.

துண்டு எவ்வளவு அகலம், எத்தனை கிராம் என்பது இந்தக் கணக்கில் வராது. சூடு கல்லிலிருந்து மேலே ஏற வேண்டும், அது கடக்கிற தூரம் தடிமன் மட்டும்தான். அதனால் மீன் கடையில் நறுக்கும்போதே எல்லாம் ஒரே தடிமனாக, அரை இஞ்ச்சுக்குக் கேட்டு வாங்குங்கள். ஒன்று மெல்லியதும் ஒன்று பருத்ததுமாக வந்துவிட்டால் சேர்த்துப் போடாமல், பருத்ததை ஒரு நிமிடம் முன்னால் கல்லில் வையுங்கள்.

முதல் பக்கத்துக்கு மட்டும் ஏன் கூட ஒரு நிமிஷம்?

மீன் குளிர்ந்த நிலையில் கல்லில் விழுகிறது. முதல் ஒரு நிமிடச் சூடு மீனைச் சூடேற்றவும் மசாலாவில் இருக்கும் ஈரத்தை விரட்டவுமே போய்விடும். திருப்பும்போது துண்டு ஏற்கெனவே பாதிக்கு மேல் வெந்து, சூடாகவும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரம் வைத்தால் இரண்டாவது பக்கம்தான் வறண்டு போகும்.

மிதமான தீன்னா எது? என் அடுப்புல சிம்மும் ஹையும்தான் சரியா இருக்கு.

குமிழைப் பார்க்காதீர்கள், குனிந்து தீயைப் பாருங்கள். தீயின் நுனி கல்லின் அடியைத் தொட வேண்டும், ஆனால் பக்கவாட்டில் விரிந்து ஓரத்துக்குப் போகக் கூடாது. பெரிய பர்னரில் அந்த நிலை நிற்கவில்லை என்றால் சிறிய பர்னருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மெல்லிய கல் வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் சிறிய பர்னர்தான் நல்லது.

அதைவிட நம்பகமானது சத்தம். மீனைப் போட்டதும் 'சொர்'ரென்று எழும் சத்தம், நிற்காமல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தால் தீ சரி. படபடவென்று எண்ணெய் வெளியே தெறித்தால் தீ அதிகம். சத்தம் தேய்ந்து, துண்டைச் சுற்றி மெதுவாகக் குமிழி மட்டும் வந்தால் தீ குறைவு. மீன் வறுபடாமல் தன் தண்ணீரிலேயே வேகிறது என்று அர்த்தம்.

மீன் போடும் முன் கல் வெறுமையாக மிதமான தீயில் 3 நிமிடம் காய வேண்டும். பிறகு எண்ணெய் விட்டு, அது இளகி ஓடத் தொடங்கியதும் ஒரு கறிவேப்பிலையைப் போட்டுப் பாருங்கள். உடனே பொரிந்தால் மீனை வைக்கலாம். புகை வந்துவிட்டால் அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

மசாலா அளவு என்ன? எவ்வளவு நேரம் ஊறணும்?

அரைக் கிலோ மீனுக்கு மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, நைஸாக அரைத்த இஞ்சி பூண்டு விழுது 1 தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி, அரிசி மாவு 2 தேக்கரண்டி, எண்ணெய் 1 தேக்கரண்டி. காரம் வேண்டியவர்கள் மிளகுத்தூள் சேர்க்கலாம். தண்ணீர் ஊற்றாமலே குழையும். குழையாவிட்டால் சொட்டுச் சொட்டாகத் தெளித்துக்கொள்ளுங்கள். விரலில் எடுத்தால் வழியாமல் நிற்க வேண்டும்.

ஊற அரை மணி நேரம் போதும், ஒரு மணி நேரம் எல்லை. உப்பும் புளிப்பும் மேற்சதையில் கொஞ்சம்தான் இறங்கும், அதற்கு இந்த நேரமே தாராளம். அதற்கு மேல் வைத்தால் எலுமிச்சைப் புளிப்பு மேற்சதையை அடுப்பில் ஏற்றாமலே வெளுக்க வைத்துவிடும். அப்படி வெளுத்த மீனை வறுத்தால் மேலே மாவு மாவாக உதிரும். காலையில் தடவி இரவில் வறுக்க வேண்டும் என்றால் எலுமிச்சையை விட்டுவிட்டு மற்றதைத் தடவி ஃப்ரிட்ஜில் வையுங்கள், சாற்றை வறுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

தடவுவதற்கு முன் மீனைத் துணியால் ஒற்றி எடுப்பதை யாரும் செய்வதில்லை. கழுவிய ஈரத்தோடு தடவினால் அந்த மசாலா கல்லில் வழுக்கி இறங்கி, மீனில் இல்லாமல் எண்ணெயில் வறுபடும்.

ஊற வைக்கிறது வெளியிலயா, ஃப்ரிட்ஜிலயா?

ஃப்ரிட்ஜில். இது சுவைக்காகச் சொல்வது இல்லை. வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி எல்லாம் ஒரே குடும்பத்து மீன்கள். இவற்றின் சதை வெயிலில் கிடந்தால் கிருமிகள் பெருகி ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அது சேர்ந்த மீனைச் சாப்பிட்டால் முகம் சிவந்து, தடிப்பு, தலைவலி, வாந்தி என்று வரும். எவ்வளவு வறுத்தாலும் ஹிஸ்டமின் அழியாது, மீன் பார்க்கவும் மணக்கவும் நன்றாகவே இருக்கக்கூடும். மசாலாவும் உப்பும் அதைத் தடுத்துவிடும் என்று நம்பி மேடையில் மணிக்கணக்கில் வைக்காதீர்கள். வறுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்தால் போதும்.

மசாலா கருகிடுது, ஆனா உள்ள பச்சையா இருக்கு. எங்க தப்பு?

தீயில்தான். மீன் வேக உள்ளே 60 டிகிரியைச் சற்றுத் தாண்டினால் போதும். கல்லோ அதைப்போல மூன்று மடங்கு சூட்டில் இருக்கும். மிளகாய்த்தூளும் பூண்டும் அந்தச் சூட்டில் சில நிமிடங்களே தாங்கும். தீயைக் கூட்டினால் மசாலா கருகும் வேகம் ஏறுகிறதே தவிர, சூடு சதைக்குள் போகும் வேகம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. கடைசியில் வெளியே கறுப்பு, உள்ளே பச்சை.

இப்போதே கல்லில் அப்படி ஆகியிருந்தால், தீயைச் சிம்முக்கு இறக்கி, மூடி போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள், உள்ளே வெந்துவிடும். கருகிய கசப்பு மட்டும் போகாது. அடுத்த முறை தீயோடு இன்னொன்றையும் கவனியுங்கள்: பூண்டு கொரகொரவென்று இருந்தால் அந்தத் துணுக்குகள்தான் முதலில் கறுக்கும். தடவியது தடிமனாக அப்பிக்கொண்டிருந்தால் விரலால் வழித்து, சதை லேசாகத் தெரியும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்பிய மசாலா மேலே கருகி அடியில் பச்சை வாசனையோடு நிற்கும்.

கல்லுலயே ஒட்டிக்குது. திருப்பும்போது மசாலா அப்படியே கல்லோட வந்துடுது.

மீனின் புரதம் காய்ந்த இரும்பில் பட்டதும் முதலில் பற்றிக்கொள்ளத்தான் செய்யும். அடியில் மொறுமொறுப்பு பிடித்த பிறகு தானாக விடும். இரண்டாவது நிமிடத்தில் தோசைத் திருப்பியை விட்டால் எந்தக் கல்லிலும் ஒட்டும். 4 நிமிடம் ஆனதும் ஒரு ஓரத்தை மட்டும் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். இழுத்தால் வராவிட்டால் அப்படியே விட்டு அரை நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பெரும்பாலும் அந்த அரை நிமிடத்தில் விட்டுவிடும்.

அப்படியும் ஒட்டினால் மூன்றில் ஒன்று காரணம்: கல் காயும் முன் மீனைப் போட்டது, மீனில் ஈரம் இருந்தது, அல்லது கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்து அதன் எண்ணெய்ப் பதம் போய்விட்டது. கல்லின் பதம் போயிருந்தால் எண்ணெய் தடவிப் புகையும் வரை காய்ச்சி ஆறவிடுங்கள், இரண்டு மூன்று முறை செய்தால் மீண்டுவிடும். அவசரத்துக்குக் கல்லில் கறிவேப்பிலையைப் பரப்பி அதன்மேல் மீனை வைக்கலாம். மணமும் கிடைக்கும், ஒட்டவும் ஒட்டாது, ஆனால் மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும்.

துண்டு நடுவுல உப்பி எழும்புது. ஓரம் மட்டும்தான் செவக்குது.

துண்டைச் சுற்றி வளையம் போலத் தோல் இருக்கிறது இல்லையா, சூடு பட்டதும் அது சதையை விட வேகமாகச் சுருங்கி, துண்டைக் குடை போல வளைத்துவிடும். நடுப்பகுதி கல்லை விட்டு எழும்பினால் அங்கே வறுபடாது. மசாலா தடவும் முன் தோலில் எதிரெதிராக இரண்டு இடத்தில் கத்தியால் சின்னதாகக் கீறிவிடுங்கள். கல்லில் வைத்த முதல் பத்துப் பதினைந்து விநாடி திருப்பியால் லேசாக அழுத்திப் பிடித்தாலும் போதும். அதற்குப் பிறகு அழுத்த வேண்டாம், சாறு பிழிந்து வெளியே வந்துவிடும்.

வெந்துடுச்சான்னு உடைக்காம எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நடுமுள்ளைப் பாருங்கள். வட்டத் துண்டில் கடைசியாக வேகிற இடம் அதை ஒட்டிய சிவந்த சதைதான். வேகாதபோது அது கண்ணாடி போல மினுங்கி, முள்ளோடு ஒட்டியபடி, ஒரு சொட்டுச் சிவப்புச் சாற்றோடு இருக்கும். வெந்ததும் சிவப்பு மாறிப் பழுப்பாகி, முள்ளுக்கும் சதைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடும். கத்தி நுனியை முள்ளின் ஓரம் வைத்து லேசாகத் திருகினால் சதை முள்ளை விட்டு விலக வேண்டும். விலகாமல் இழுத்தால் இன்னும் ஒரு நிமிடம்.

இன்னொரு அறிகுறி துண்டின் பக்கவாட்டில் தெரியும். முதல் பக்கம் வேகும்போது அடியிலிருந்து வெண்மை மேலே ஏறிக்கொண்டே வரும். அது பாதி உயரத்தைச் சற்றுத் தாண்டியதும்தான் திருப்ப வேண்டும். கடிகாரத்தைவிட இந்தக் கோட்டைத்தான் நான் நம்புவேன். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்கள் தடிமனான இடத்தில் குத்தி, 63 டிகிரி செல்சியஸ் காட்டினால் இறக்கிவிடலாம்.

ஒரு தடவை ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் வரிசையா சொல்லுங்களேன்.

அரை இஞ்ச் தடிமனில் நாலு துண்டு என்று வைத்துக்கொள்வோம். மசாலா தடவி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்து, பத்து நிமிடம் முன்னால் வெளியே வந்துவிட்டது. கல்லை மிதமான தீயில் 3 நிமிடம் காயவிட்டு, 2 மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விடுகிறோம். கறிவேப்பிலை பொரிகிறது. துண்டுகளை ஒன்றுக்கொன்று விரல் அகலம் இடைவெளி விட்டு, நம்மை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்த்து வைக்கிறோம், எண்ணெய் நம்மேல் தெறிக்காது. நாலும் வைத்ததும் கல் சூடு சட்டென்று இறங்கும், அதனால் முதல் ஒரு நிமிடம் மட்டும் தீயைச் சற்றுக் கூட்டி, பிறகு மிதத்துக்கு இறக்குகிறோம்.

இரண்டாவது நிமிடம் சத்தம் சீராகிறது. மீனைத் தொட வேண்டாம். மூன்றாவது நிமிடம் பக்கவாட்டு வெண்மை பாதியை நெருங்கும், மசாலாவின் பச்சை வாசனை போய் வறுத்த மிளகாய் மணம் எழும். நாலாவது நிமிட முடிவில் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடி செங்கல் நிறத்தில் இருக்கும். திருப்புகிறோம். முதலில் வைத்ததை முதலில் திருப்ப வேண்டும்.

திருப்பியதும் துண்டைச் சுற்றி ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, தீயை மிதத்துக்கும் ஒரு படி கீழே வைக்கிறோம். மூன்று நிமிடம். கடைசி அரை நிமிடத்தில் நடுமுள்ளைச் சோதித்துவிட்டு இறக்குகிறோம். தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆவியில் மொறுமொறுப்பு போய்விடும், பரத்தி வையுங்கள். இரண்டு நிமிடம் கழித்துப் பரிமாறினால் உள்ளே மிச்சம் இருந்த சூடும் வேலையை முடித்திருக்கும்.

ஒரு இஞ்ச் துண்டுக்கு என்ன செய்றது? மூடி போடலாமா?

போடலாம், ஆனால் நடுவில் மட்டும். முதல் பக்கம் மிதமான தீயில் மூடாமல் 4 நிமிடம். திருப்பி, மறுபக்கம் மூடாமல் 2 நிமிடம். இப்போது இரண்டு பக்கமும் நிறம் பிடித்திருக்கும், உள்ளே வெந்திருக்காது. தீயைச் சிம்முக்கு இறக்கி மூடி போட்டு 4 நிமிடம். ஆவி மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வேக வைக்கும், கருகாது. பிறகு மூடியைத் திறந்து, மூடியில் நிற்கும் நீர் கல்லில் சொட்டாமல் அப்பால் எடுத்து, தீயைச் சற்றுக் கூட்டி ஒரு நிமிடம் வைத்தால் ஈரம் வற்றி அடிப்பக்கம் திரும்ப மொறுமொறுப்பாகும்.

அரை இஞ்ச் துண்டுக்கு மூடி தேவையே இல்லை. அதற்கு மூடி போட்டால் வறுவலாக இல்லாமல் அவியலாக வரும்.

வறுக்கும்போது வெள்ளையா பால் திரிஞ்ச மாதிரி வருதே, மீன் கெட்டுப் போச்சா?

இல்லை. அது மீனின் புரதம்தான், சூட்டில் சதை இறுகும்போது சாற்றோடு வெளியே வந்து கட்டியாகிறது. கொஞ்சம் வருவது இயல்பு. நிறைய வந்தால் தீ அதிகம், அல்லது தேவைக்கு மேல் வெந்துகொண்டிருக்கிறது. ஐஸில் உறைந்து கரைந்த மீனில் கூடுதலாகவே வரும்.

உறைஞ்ச மீனை அப்படியே போடலாமா?

கூடாது. வெளியே கருகும்வரை நடுவில் ஐஸ் இருக்கும். முந்தைய இரவே ஃப்ரீஸரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் தண்ணீரை வடித்து, நன்றாக ஒற்றி எடுத்த பிறகு மசாலா தடவுங்கள். அரிசி மாவை அரைத் தேக்கரண்டி கூட்டிக்கொள்ளலாம், மிச்ச ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். நிமிடக் கணக்கு அதேதான்.

நான்ஸ்டிக்லயும் இண்டக்‌ஷன்லயும் இதே நேரமா?

நான்ஸ்டிக்கில் ஒட்டும் கவலை இல்லை, எண்ணெயும் பாதி போதும். ஆனால் அதை வெறுமையாக நீண்ட நேரம் காய வைக்கக் கூடாது. எண்ணெய் விட்டே ஒரு நிமிடம் காயவிட்டு மீனைப் போடுங்கள். இரும்பு அளவுக்குச் சூட்டைத் தேக்கி வைக்காததால் மீன் போட்டதும் சட்டென்று ஆறும், முதல் பக்கத்துக்கு அரை நிமிடம் கூட்டுங்கள்.

இண்டக்‌ஷனில் சுருள் இருக்கும் வட்டம் மட்டும்தான் நன்றாகக் காயும். கல்லின் ஓரத்தில் வைத்த துண்டு நடுத்துண்டோடு சேர்ந்து வேகாது. அதனால் அந்த வட்டத்துக்குள் அடங்கும் அளவு, இரண்டு மூன்று துண்டு மட்டும் போடுங்கள். எண் எதில் வைப்பது என்று கேட்காதீர்கள், ஒவ்வொரு அடுப்பும் ஒரு மாதிரி. மேலே சொன்ன சத்தத்தை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ரெண்டாவது ஈடு போட்டா ரெண்டே நிமிஷத்துல கறுத்துடுது. ஏன்?

முதல் ஈட்டில் உதிர்ந்த மசாலா எண்ணெயில் கிடந்து கருகி, புதுத் துண்டின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. கல்லும் அதற்குள் நன்றாக ஏறிப்போயிருக்கும். முதல் ஈட்டை எடுத்ததும் தீயைச் சிம்மில் வைத்து, உதிரியைச் சுரண்டி எடுத்து, எண்ணெயை மடித்த துணியை இடுக்கியில் பிடித்துத் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் விடுங்கள். இரண்டாவது ஈட்டுக்கு முதல் நிமிடம் தீயைக் கூட்டும் வேலை வேண்டாம்.

மத்த மீனுக்கும் இதே கணக்குதானா?

பாறை, கொடுவா வட்டத் துண்டுக்குத் தடிமன் ஒன்றாக இருந்தால் இதே கணக்கு. சூரை சட்டென்று வறண்டுவிடும், இரண்டாவது பக்கத்தில் ஒரு நிமிடம் குறைத்து, நடுமுள் சோதனையை முன்கூட்டியே செய்யுங்கள். கட்லா போன்ற ஆற்று மீன் துண்டில் ஈரம் அதிகம், சதையும் மென்மை. முதல் பக்கம் ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால்தான் உடையாமல் திரும்பும். சங்கரா போன்றதை முழு மீனாக வறுப்பது வேறு கணக்கு, இங்கே சேராது.

விருந்தாளி வர்றதுக்கு முன்னாடி பாதி வறுத்து வெச்சுட்டு, வந்ததும் மீதியை வறுக்கலாமா?

வேண்டாம். பாதி வெந்த மீனைச் சூடு ஆறாமல் மேடையில் வைப்பது, ஃப்ரிட்ஜ் பற்றிய கேள்வியில் சொன்ன அதே ஆபத்தை இன்னும் கூட்டும். இரண்டாம் முறை கல்லுக்குப் போகும்போது மசாலாவும் முதலில் கருகும். மசாலா தடவி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, எல்லாரும் உட்கார்ந்த பிறகு கல்லைக் காய வையுங்கள். அரை இஞ்ச் துண்டு கல் காய்வதிலிருந்து தட்டுக்கு வர மொத்தமாகப் பதினோரு நிமிடம்தான், ரசம் சாதம் வரைக்கும் போகாமல் குழம்புச் சாதத்துக்கே வந்து சேர்ந்துவிடும்.

ஏற்கெனவே முழுதாக வறுத்தது மிஞ்சினால், ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சிம் தீயில், எண்ணெய் விடாமல், பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் சுட வைத்தால் போதும்.